கொழுப்பைக் குறைக்கும் மாதங்களில் எத்தனை செட்?

எட்டுப் பத்து வருடமாக ஜிம்மில் ஊறியவர்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. கட்டிங் தொடங்கியதும் வெயிட்டைக் குறைப்பார்கள், ரெப்ஸையும் செட்டையும் கூட்டுவார்கள், கூடவே ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். கொழுப்பு எரியட்டும் என்பது கணக்கு. ஆனால் கொழுப்பைக் கரைக்கும் வேலையைச் சாப்பாட்டில் செய்யும் குறைப்பே பார்த்துக்கொள்ளும். கட்டிங்கில் பயிற்சிக்கு இருக்கும் வேலை வேறு: இருக்கிற தசையை உடம்பு விட்டுவிடாமல் பிடித்துவைப்பது. அதற்குத் தசைக்குப் பழக்கமான கனமான வெயிட் தொடர்ந்து வேண்டும். செட்டுகளின் எண்ணிக்கை பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே பெரும்பாலும் போதும்.

வாரம் ஆறு நாள் புஷ், புல், லெக் என்று சுற்றும் திட்டத்தில் இதைக் கவனிக்காவிட்டால் சிக்கல் சீக்கிரம் வரும். நெஞ்சு, தோள், ட்ரைசெப்ஸ் புஷ் நாளில். முதுகும் பைசெப்ஸும் புல் நாளில். மூன்றாம் நாள் கால். இந்தச் சுற்று வாரத்தில் இரண்டு முறை வரும், ஓய்வு ஒரே நாள். வயிறு நிறையச் சாப்பிடும் மாதங்களில் உடம்பு தாங்கும். தினமும் 500 கலோரி குறைவாகச் சாப்பிடும்போது அதே சுமை ஐந்தாறு வாரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

82 கிலோ எடையும் 18 சதவீதக் கொழுப்பும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கொழுப்பைக் கழித்தால் மிச்சம் 67 கிலோ. தசை போகாமல் 12 சதவீதத்துக்கு வர அவர் 76 கிலோவைத் தொட வேண்டும். வாரம் அரைக் கிலோ வீதம் சுமார் 12 வாரம் ஆகும். இன்னும் வேகமாகப் போகலாமே என்று தோன்றும். நார்வேயில் விளையாட்டு வீரர்களிடம் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் 0.7 சதவீத எடையைக் குறைக்கத் திட்டமிட்ட குழுவுக்குக் கொழுப்பு குறைந்ததோடு தசையும் கொஞ்சம் கூடியது. 1.4 சதவீத வேகத்தில் போனவர்களுக்கு அது கூடவில்லை. நம்மவருக்கு அரைக் கிலோ என்பது 0.6 சதவீதம்தான்.

எடை கூட்டும் மாதங்களில் அவர் வாரத்துக்கு நெஞ்சுக்கு 18 செட், முதுகுக்கு 20, முன்தொடைக்கு 16, பின்தொடைக்கு 12, பக்கத் தோளுக்கு 14, பைசெப்ஸுக்கும் ட்ரைசெப்ஸுக்கும் தலா 12 என்று போய்க்கொண்டிருந்தார். மொத்தம் 104. கெண்டைக்காலும் வயிறும் இதில் சேராது. கட்டிங்கில் நெஞ்சு 12, முதுகு 14, முன்தொடை 10, பின்தொடை 8, பக்கத் தோள் 10, கைகளுக்குத் தலா 6 என்று இறக்கினால் 66 ஆகிறது. புஷ் நாளில் 22 செட் செய்தவருக்கு இப்போது 14. முக்கால் மணி நேரத்தில், முழு கவனத்தோடு முடித்துவிடலாம்.

இவ்வளவு குறைத்தால் தசை போகாதா? அமெரிக்காவின் அலபாமாவில் நடந்த இன்னொரு 2011 ஆய்வு இதற்குத் தெம்பு தருகிறது. 16 வாரம் பயிற்சி எடுத்த இளைஞர்கள், பிறகு 32 வாரம் அதில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் செய்து தசையின் அளவைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்கள் புதிதாகப் பழகியவர்கள், உணவைக் குறைத்தவர்களும் இல்லை. அதனால் பழுத்த ஆள் அந்த அளவுக்கு இறங்குவது சரியில்லை. மூன்றில் ஒரு பங்கைக் கழித்துத் தொடங்குவதே நிதானம்.

எதைக் கழிப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். ஒரே வேலையை இரண்டு முறை செய்யும் பயிற்சிகள் முதலில் போகட்டும். பெஞ்ச் பிரஸும் இன்க்ளைன் பிரஸும் செய்கிறவரின் முன்தோளும் ட்ரைசெப்ஸும் அதிலேயே பாதி வேலை பார்த்துவிடுகின்றன. ஆகவே ஃப்ரண்ட் ரெய்ஸை எடுத்துவிடலாம். ஷோல்டர் பிரஸையும் எடுத்துவிடலாம் என்பேன்; ஜிம் மாஸ்டர்கள் பலர் சண்டைக்கு வருவார்கள். பக்கத் தோளுக்கு வேறு எதிலும் சரியான வேலை கிடைக்காது, அதனால் லேட்டரல் ரெய்ஸ் தங்கட்டும். முதல் புஷ் நாளில் பெஞ்ச் பிரஸ் 4 செட், ஐந்தாறு ரெப்ஸ், இன்க்ளைன் டம்பெல் பிரஸ் 2, லேட்டரல் ரெய்ஸ் 5, ட்ரைசெப்ஸுக்கு 3. இரண்டாவது புஷ் நாளில் நெஞ்சின் 6 செட்டும் இன்க்ளைனிலும் மெஷினிலும், பத்துப் பன்னிரண்டு ரெப்ஸில். மூட்டுக்கு அது கொஞ்சம் இளைப்பாறல்.

இடுப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. புல் நாளில் குனிந்து பார்பெல் ரோ போட்டுவிட்டு மறுநாள் ஸ்குவாட்டுக்கு நின்றால், தொடை தயாராக இருந்தாலும் கீழ்முதுகு முன்பே களைத்திருக்கும். ஸ்குவாட்டுக்கு முந்தைய புல் நாளில் நெஞ்சைப் பெஞ்சில் சாய்த்துச் செய்யும் ரோ போதும். குனிந்து செய்யும் ரோவை இன்னொரு புல் நாளுக்குத் தள்ளிவிட்டு, அதற்கு மறுநாள் காலுக்கு லெக் பிரஸும் லெக் கர்லும் வைத்துக்கொள்ளலாம்.

செட் எண்ணிக்கை சரியா என்பதை நோட்டுதான் சொல்லும், கண்ணாடி சொல்லாது. உடம்பில் நீர் ஏறி இறங்கும்போது கண்ணாடி தினம் ஒரு கதை சொல்லும். நம்மவர் 100 கிலோ பெஞ்ச் பிரஸை 6 முறை செய்பவர். ஆறாம் வாரம் அது 5 ஆகிறது, ஏழாம் வாரம் 4. ஒரு நாள் சறுக்கினால் தூக்கமில்லாத இரவாக இருக்கலாம். இரண்டு வாரம் தொடர்ந்து விழுந்தால் காரணம் தேட வேண்டும். அவருடைய ஸ்குவாட்டும் ரோவும் அசையாமல் நிற்கின்றன என்றால் கோளாறு அந்த ஓரிடத்தில்தான். 100 கிலோவைத் தொடாமல் நெஞ்சின் செட்டை மட்டும் 12-லிருந்து 9 ஆக்கிப் பார்க்கலாம். களைப்புதான் காரணமென்றால் ஓரிரு வாரத்தில் ரெப்ஸ் திரும்பிவிடும். எல்லாமே சேர்ந்து விழுந்தால் செட்டில் கை வைக்க வேண்டாம். ஏழு நாள் காலை எடையின் சராசரியைப் போன வாரத்தோடு ஒப்பிட வேண்டும். அரைக் கிலோ குறைய வேண்டிய இடத்தில் 900 கிராம் குறைந்திருந்தால் அவர் நினைத்ததைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறார். தினம் 200 கலோரி கூட்டி, அதைக் கால் நாளில் பயிற்சிக்கு முன் சோறாகவோ இட்லியாகவோ சாப்பிடலாம். புரதம் நாளுக்கு 160 முதல் 180 கிராம் வரை போய்க்கொண்டிருக்க வேண்டும்.

நோட்டும் ஓரிடத்தில் ஏமாற்றும், அது புல்-அப். 82 கிலோவில் இடுப்பில் 20 கிலோ கட்டி 8 முறை ஏறியவர் உண்மையில் 102 கிலோவை இழுத்தார். 77 கிலோவுக்கு வந்தபிறகும் அதே 20 கிலோவோடு 8 முறைதான் ஏறினால், பலம் அப்படியே இருப்பதுபோல் தெரியும். இழுப்பது இப்போது 97 கிலோ. முன்பு இருந்த பலம் இருக்கிறதா என்று பார்க்க 25 கிலோ கட்ட வேண்டும்.

ஆறாம் வாரத்தை ஒட்டி ஒரு வாரம், வெயிட் அதேபடி இருக்க, எல்லாச் செட்டையும் பாதியாக்கலாம். அதற்குப் பிறகும் களைப்பு போகவில்லை என்றால் ‘வாரம் ஆறு நாள்’ என்ற கணக்கை விட்டுவிட்டு, புஷ், புல், லெக், ஓய்வு என்று நான்கு நாள் சுற்றாக மாற்றிக்கொள்ளலாம். நடை இருக்கட்டும், ஓட்டம் வேண்டாம். கால் நாளுக்கு வேண்டிய தெம்பை ஓட்டம் தின்றுவிடும். 76 கிலோவைத் தொட்டதும் மறுநாளே பழைய 104 செட்டுக்குத் தாவக் கூடாது. முதலில் சாப்பாடு எடை ஏறாத, இறங்காத அளவுக்குத் திரும்பட்டும். பிறகு வாரத்துக்கு ஒரு தசைக்கு இரண்டு செட் வீதம், பெஞ்ச் பிரஸ் ரெப்ஸ் விழாத வரை, ஏற்றிக்கொண்டே போகலாம்.