உஷார்! கிரிப்டோ ஆப் காட்டும் சராசரி விலையை அப்படியே ரிட்டர்னில் போடாதீர்கள்

ஆப்பைத் திறந்தால் உங்கள் பிட்காயினுக்குப் பக்கத்திலேயே 'சராசரி விலை' என்று ஒரு தொகை தெரியும். விற்ற விலையிலிருந்து அதைக் கழித்து, வருவதுதான் லாபம் என்று பலரும் ரிட்டர்னில் போட்டுவிடுகிறார்கள். விபரீதம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒருவர் 0.1 பிட்காயினை 2 லட்சத்துக்கு வாங்கினார். பிறகு இன்னொரு 0.1-ஐ 6 லட்சத்துக்கு வாங்கினார். இப்போது 0.1-ஐ மட்டும் 4.5 லட்சத்துக்கு விற்கிறார். சராசரிக் கணக்கில் அடக்கவிலை 4 லட்சம், லாபம் 50,000. 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 15,600 ரூபாய். ஃபிஃபோவில், அதாவது முதலில் வாங்கியதே முதலில் விற்றதாக எடுத்துக்கொண்டால், அடக்கவிலை 2 லட்சம்தான். லாபம் 2.5 லட்சம், வரி 78,000!

மீதி 0.1-ஐயும் அடுத்த வருடம் அதே 4.5 லட்சத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். ஃபிஃபோவில் இது 1.5 லட்சம் நஷ்டம். பங்கு என்றால் இந்த நஷ்டம் வேறு லாபத்தில் கழிய வழி உண்டு. கிரிப்டோவில் இல்லை. 115பிபிஹெச் பிரிவின்படி இந்த நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. ஆக, இரண்டு விற்பனையிலும் கையில் நின்ற லாபம் 1 லட்சம்தான், அதற்குக் கட்டிய வரி 78,000. கொடுமைதான், ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது.

அப்படியென்றால் சராசரியிலேயே போட்டுவிடலாமே என்று தோன்றும். கிரிப்டோவுக்கு எந்த முறை என்று சட்டம் தனியாகச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் டீமேட் பங்குகளுக்கு ஃபிஃபோ என்று சட்டத்திலேயே இருப்பதால், கிரிப்டோவுக்கும் அதையே பின்பற்றுவது வழக்கம். தவிர, ரிட்டர்னில் உள்ள விடிஏ ஷெட்யூல் ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதியைக் கேட்கிறது. சராசரிக்கு எந்தத் தேதியைப் போடுவீர்கள்? நீங்கள் விற்ற தொகை டிடிஎஸ் வழியாக ஏற்கெனவே துறையின் கையில் இருக்கிறது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக முடிவானால், பாக்கி வரியும் வட்டியும் போக, அந்த வரியில் 50 சதவீதம் அபராதம் வரலாம்.

இதைவிட ஆபத்தானது, ஒரு வருடம் சராசரி, மறு வருடம் ஃபிஃபோ என்று மாற்றிப் போடுவது. மேலே சொன்னவர் முதல் வருடம் 4 லட்சம், அடுத்த வருடம் 6 லட்சம் என்று அடக்கவிலை காட்டினால் மொத்தம் 10 லட்சம் ஆகிறது. அவர் செலவழித்ததோ 8 லட்சம்தான். இதற்கு எந்த விளக்கமும் எடுபடாது.

அதனால் ஆப்பிலிருந்து முழு டிரேட் ஹிஸ்டரியையும் இறக்கிக்கொள்ளுங்கள். காயின் வாரியாக, தேதி வரிசையில் வைத்து, பழைய கொள்முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழியுங்கள். வேறு எக்ஸ்சேஞ்சில் வாங்கி இங்கே மாற்றிய காயின் இருந்தால், அதை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது இந்த ஆப்புக்குத் தெரியாது. அந்தப் பழைய ஸ்டேட்மென்ட்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் மூடிவிட்டால் கிடைக்காது. ஏற்கெனவே தப்பாகத் தாக்கல் செய்தவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல், கெடு முடிவதற்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.