பெட்டி வந்தது, டெக்னீஷியன் வரவில்லை

வேலூரில் ஒரு குடும்பம் ஆன்லைனில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 12ஆம் தேதி இரண்டு பெட்டிகளும் வீட்டுக்கு வந்துவிட்டன. 'இன்ஸ்டலேஷன் இலவசம், பத்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்' என்று விற்பனைப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். 14ஆம் தேதி ஆள் வருவார் என்று மெசேஜ் வந்தது. ஆள் வரவில்லை. மறுநாள், 'தாங்கள் கேட்டுக்கொண்டபடி தேதி மாற்றப்பட்டது' என்று இன்னொரு மெசேஜ். வீட்டில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. 19ஆம் தேதி, 'உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது' என்கிறது செல்போன். பெட்டிகளோ கூடத்தில் பிரிக்காமலே கிடக்கின்றன. சண்டை போட்டுக் கூப்பிட்ட பிறகு 26ஆம் தேதி டெக்னீஷியன் வந்து மாட்டுகிறார். அறை குளிரவே இல்லை. ஏசியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், 'பத்து நாள் 22ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, கம்பெனியிடம் வாரன்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பதில் வருகிறது.

இந்த மாதிரி வழக்குகளின் முடிச்சே அந்தப் பத்து நாள்தான். பொருள் வாசலில் இறங்கிய தேதியிலிருந்து அது எண்ணப்படுகிறது. மாட்டிய தேதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துணியையோ செருப்பையோ பிரித்தவுடனே குறை தெரிந்துவிடும். ஏசியில் குறை இருக்கிறதா என்பது மாட்டி ஓடவிட்ட பிறகே தெரியும். போதாக்குறைக்கு, பெரிய சாதனங்களைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் கம்பெனி டெக்னீஷியன் வந்து பார்த்து, குறை உண்மைதான் என்று எழுதித் தர வேண்டும் என்று பல தளங்கள் நிபந்தனை வைக்கின்றன. அதாவது, வராமல் போன அதே ஆளின் சான்று இருந்தால்தான் திருப்பிக் கொடுக்க முடியும்!

அவர் ஏன் வருவதில்லை? மாட்டித் தருவது பெரும்பாலும் கம்பெனியின் சொந்த ஊழியர்கள் அல்ல. உள்ளூரில் ஒப்பந்தம் எடுத்த சர்வீஸ் சென்டர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. கோடையில் ஒரே ஆளுக்கு ஏகப்பட்ட வீடுகள். குறித்த கெடுவுக்குள் போகாவிட்டால் சென்டரின் கணக்கில் கறுப்புப் புள்ளி விழும் என்பதால், 'வாடிக்கையாளர் போனை எடுக்கவில்லை', 'தேதி மாற்றச் சொன்னார்' என்று பதிந்து கெடுவைத் தள்ளிவிடும் வழக்கம் இருக்கிறது. சில கம்பெனிகள் வேலை முடிந்ததற்கு அடையாளமாக வாடிக்கையாளரின் செல்போனுக்கு ஓடிபி அனுப்புகின்றன. 'நாளைக்குக் கண்டிப்பா வர்றேன் சார், அந்த நம்பரை மட்டும் சொல்லிடுங்க' என்று யாராவது கேட்டால் சொல்லிவிடாதீர்கள். சொன்னால், ஏசி மாட்டியாகிவிட்டது என்று நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி.

நியாயமான காரணங்களும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். அவுட்டோர் யூனிட்டுக்கு ஸ்டாண்ட் இல்லை, 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் இல்லை, சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் டெக்னீஷியன் திரும்பிப் போய்விடுவார். 'இலவசம்' என்பது பெரும்பாலும் அவருடைய கூலிக்கு மட்டுமே. ஸ்டாண்டும் கூடுதல் காப்பர் பைப்பும் தனிக் காசு. இவற்றை முன்கூட்டியே தயார் செய்து வைத்தால் அவர் பக்கம் ஒரு சாக்கு குறையும்.

வேலூர்க் குடும்பம் என்ன செய்திருக்க வேண்டும்? பெட்டி வந்த 12ஆம் தேதியே நான்கு பக்கமும் வீடியோ எடுத்து, சீரியல் நம்பர் லேபிளையும் படம் பிடித்திருக்க வேண்டும். பெட்டி நசுங்கியோ கிழிந்தோ இருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். வாங்குவதானால் டெலிவரி ரசீதில் அதை எழுதிவிட வேண்டும். 'எங்கள் டெக்னீஷியன்தான் பிரிக்க வேண்டும்' என்று கம்பெனி சொல்லியிருந்தால் பெட்டியைத் தொடாமல் வைப்பதே நல்லது. அன்றைக்கே தளத்திலும் கம்பெனியின் இலவசத் தொலைபேசி எண்ணிலும் இன்ஸ்டலேஷன் கேட்டுப் பதிவு எண்ணை வாங்கி வைக்க வேண்டும்.

பொய்யான மெசேஜ் வந்த 15ஆம் தேதிதான் முக்கியமான நாள். போனில் திட்டுவதால் பயனில்லை, அதற்குப் பதிவு எதுவும் உங்கள் கையில் இருக்காது. தளத்தின் சாட்டிலோ ஈமெயிலிலோ மூன்று வரி எழுதினால் போதும்: ஆள் வரவில்லை, தேதி மாற்ற நான் கேட்கவில்லை, மாட்டி முடிக்கும்வரை திருப்பிக் கொடுக்கும் கெடுவை நீட்டியுங்கள், அல்லது பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள். இது 22ஆம் தேதிக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தால், 26ஆம் தேதி 'கெடு முடிந்தது' என்ற பேச்சுக்குப் பலமில்லை. கெடுவுக்குள்ளேயே கேட்டவர் என்ற தகுதி உங்களுக்கு வந்துவிடுகிறது.

புழுக்கம் தாங்காமல் தெருமுனை ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட ஆசை வரும். திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் அங்கீகாரம் இல்லாதவர் மாட்டினால் வாரன்டி செல்லாது என்று பல வாரன்டி அட்டைகளில் அச்சிட்டிருக்கிறார்கள். ஏசியில் இது வெறும் மிரட்டலும் அல்ல: பைப் முனை சரியாக இறுகாவிட்டால் கேஸ் கசியும், பைப்பில் இருக்கும் காற்றை வாக்குவம் பம்ப் வைத்து எடுக்காவிட்டால் ஈரம் தங்கி கம்ப்ரஸர் கெடும். பிறகு வரும் எந்தக் குறையையும் 'மாட்டியவர் தப்பு' என்று அவர் தலையில் கட்டிவிடுவார்கள். வேறு வழியே இல்லை என்றால், 'வெளியாளை வைத்து மாட்டிக்கொள்ளலாம், வாரன்டி தொடரும்' என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிய பிறகு செய்யுங்கள்.

26ஆம் தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மாட்டியதும் குளிரவில்லை என்றால் டெக்னீஷியன், 'கேஸ் கம்மியா இருக்கு, போட்டுவிடுறேன்' என்பார். அதற்குத் தலையாட்டினால் அது ஒரு வாரன்டி ரிப்பேராகப் பதிவாகி, புதுப் பொருள் கேட்கும் வாதம் பலவீனப்படும். 'இன்ஸ்டலேஷன் சமயத்திலேயே குறை' என்று ஜாப் ஷீட்டில் தேதியோடும் சீரியல் நம்பரோடும் எழுதச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்ட பிறகு மற்றதைப் பேசலாம்.

வாரன்டியும் பொதுவாகப் பில் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும். பெட்டிக்குள் கிடந்த இரண்டு வாரமும் அதில் கழிந்துவிடும். ஐந்து, பத்து ஆண்டு என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் கம்ப்ரஸருக்குத்தான், முழு ஏசிக்கும் ஒரு வருடம் என்பதே வழக்கம். மாட்டிய தேதியிலிருந்து கணக்கிடும்படி கம்பெனிக்கு எழுதிக் கேட்பதில் தவறில்லை. எழுத்தில் பதில் வந்தால் அதைப் பில்லோடு சேர்த்து வையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருளோ சேவையோ குறையுடையதாக இருந்தாலும், சொன்னபடி அமையாவிட்டாலும், விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. இலவச இன்ஸ்டலேஷன் என்று சொல்லி விற்றால் அதுவும் அந்த விற்பனையின் ஒரு பகுதி என்று வாதிட இடமிருக்கிறது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளம், விற்பவர், கம்பெனி என்று மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். புகாரை மூவருக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

அதிலும் பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் கம்பெனியிடம் பேசிப் பார்ப்பார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதுவரை பில், மெசேஜ்கள், ஜாப் ஷீட் எதையும் அழித்துவிடாதீர்கள்.