பல வங்கிக் கணக்கு, ஒரே பட்டியல்

ஒரு வங்கியின் ஸ்டேட்மென்ட்டில் பற்றுக்கும் வரவுக்கும் தனித்தனிப் பத்திகள் இருக்கும். இன்னொன்றில் தொகைக்கு ஒரே பத்திதான். பக்கத்தில் Dr அல்லது Cr என்றிருக்கும். இரண்டையும் இணைக்க, தேதி, விவரம், தொகை, இருப்பு, வங்கி என ஐந்து பத்திகள் கொண்ட பொதுப் பட்டியல் போதும். தொகையில் வரவு கூட்டலாகவும் பற்று கழித்தலாகவும் பதிவாக வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது இந்தக் குறியில்தான்.

தொடக்க இருப்பு 12,500 ரூபாய், பற்று 2,000, வரவு 5,000 என்றால் இறுதி இருப்பு 15,500. பற்றின் கழித்தல் குறி விட்டுப்போனால் கூட்டுத்தொகை 19,500 வரும். வித்தியாசம் 4,000, விடுபட்ட பற்றைப் போல் சரியாக இரு மடங்கு. ஒரே ஒரு குறி தவறியிருந்தால், வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடினால் வரி அகப்பட்டுவிடும்.

தேதிப் பிழை இந்தச் சோதனையில் சிக்காது என்பதால் அதற்குக் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்க அமைப்பிலுள்ள எக்செல், ஏப்ரல் 3-ஐக் குறிக்கும் 03/04/2024-ஐ மார்ச் 4 ஆக்கிவிடும். 25/04/2024-ஐ வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒதுக்கி வைக்கும். ஒரே பத்தியில் சில தேதிகள் இடமும் சில வலமுமாக நின்றால், ஒழுங்காகத் தெரிபவற்றையும் நம்பக் கூடாது. தேதிப் பத்தி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருப்பதாகக் குறிப்பிட்டு, கோப்பை மீண்டும் இறக்க வேண்டும்.