அப்பாவின் முதல் பதிவுக்கு என்ன எழுதுவது?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். எழுபது வயதைத் தாண்டிய அப்பா ஃபேஸ்புக்கில் முதல் பதிவு போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் பூத்த செம்பருத்தியின் படம், ஓரத்தில் பாதி கட்டைவிரல். கீழே, "அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுச் செடி முதன்முதலாகப் பூத்துள்ளது. இப்படிக்கு" என்று கடிதம்போலத் தன் பெயரும் ஊரும்.

கிண்டல் செய்யக் கை பரபரக்கும். செய்யலாம், ஆனால் எதைக் கிண்டல் செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "ஒருவழியா உங்களுக்கும் போன் பிடிக்கத் தெரிஞ்சிடுச்சே!" என்றால் அது அவருடைய தெரியாமையைக் குத்துகிறது. அந்தப் பதிவைப் பார்க்க முடிந்த எல்லோரும் உங்கள் கமெண்டையும் பார்ப்பார்கள். பழைய ஆபீஸ் நண்பர்கள், சம்பந்தி வீட்டார் எல்லோரும் அதில் உண்டு. வீட்டுக்கூடத்தில் சிரித்துக்கொள்ளும் பேச்சு அங்கே சபையில் சொன்னதாகிவிடும்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "வாங்கப்பா, வாங்க! செம்பருத்தி அழகா பூத்திருக்கு. பக்கத்துல இன்னொண்ணு பூத்திருக்கே, அந்தக் கட்டைவிரலுக்கும் தினமும் தண்ணி ஊத்துறீங்களா? சரி, மொட்டு உதிராம இருக்க இந்தத் தடவை என்ன உரம் போட்டீங்க?" முதலில் வரவேற்பு, பிறகு பூ, அதற்குப் பிறகுதான் சீண்டல். சிக்குவது விரல்தான், அவர் இல்லை. கடைசிக் கேள்விதான் முக்கியம். வெறும் "சூப்பர்ப்பா" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உரத்தைப் பற்றிக் கேட்டால் வெங்காயத்தோல் ஊறவைத்த தண்ணீரிலிருந்து ஆரம்பித்து விரிவாகப் பதில் எழுதுவார். அந்தப் பதில் உங்கள் கமெண்டுக்குக் கீழே வராமல் தனிக் கமெண்டாக வந்து நிற்கலாம். கண்டுகொள்ளாதீர்கள்.

லைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் வருகிற பொம்மைகளில் இதயத்தைத் தொடுங்கள். வாய்விட்டுச் சிரிக்கிற முகம் வேண்டாம், பூவைப் பார்த்து ஏன் சிரிக்கிறான் என்று நினைப்பார். கமெண்டில் போடுகிற, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற பொம்மையை அழுகை என்று எடுத்துக்கொள்கிற பெரியவர்களும் உண்டு.

திருத்த வேண்டியவை இருந்தால் போனில் சொல்லுங்கள். பதிவில் பெயருக்குக் கீழே உலக உருண்டைச் சின்னம் இருந்தால் அது ஊருக்கே திறந்திருக்கிறது. நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றச் சொல்லுங்கள். கடிதப் பழக்கத்தில் போன் நம்பரையோ வீட்டு முகவரியையோ சேர்த்திருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். பெயரையும் படத்தையும் திருடிப் போலிக் கணக்கு தொடங்கி, தெரிந்தவர்களிடம் பணம் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கமெண்டிலும் அவர் பிறந்த தேதி, அம்மா ஊருக்குப் போயிருக்கிற சேதி எதுவும் வேண்டாம்.

"இப்படிக்கு" மட்டும் இருக்கட்டும், அதைத் திருத்தாதீர்கள். கமெண்டை இன்றைக்கே போடுங்கள். யார் என்ன எழுதினார்கள் என்று அவர் அடிக்கொரு தரம் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.