கந்தோர் வீடு தேடி வரலாமா?

முன்னாளிலே கந்தோர்க் கதவு பூட்டப்பட்டதும் உத்தியோகத்தரின் கடமையும் அன்றைக்கு முடிந்துவிடும். மேசைமேற் கிடந்த கோப்பு மறுநாட் காலைவரை அங்கேயே கிடக்கும். இன்றோ அக்கோப்பு சட்டைப்பைக்குள் ஏறிக்கொண்டு வீடுவரை வருகின்றது.

எனது நண்பர் ஒருவர் கொழும்பிலே தனியார் கந்தோரொன்றின் கணக்குப் பகுதியிற் கடமையாற்றுகின்றார். மாலை ஆறரை மணிக்கு வெள்ளவத்தையிலுள்ள வீட்டை அடைவார். எட்டு மணிக்கு மகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க அமர்வார். அவ்வேளையிற் கைத்தொலைபேசி ஒலிக்கும். "மாத அறிக்கையில் ஒரு தொகை ஒத்துவரவில்லை" என்று கந்தோர் வட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியிருப்பார். நண்பர் பதில் எழுதுவதில்லை, வாசித்துவிட்டு வைத்துவிடுவார். ஆயினும் அன்றிரவு முழுவதும் அந்தத் தொகையே அவர் மனத்திற் சுழன்றுகொண்டிருக்கும். ஒருநாள் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டுச் சலித்த மகள், "அப்பா, நீங்கள் கந்தோரிலிருந்து வந்த பிறகு சொல்லித் தாருங்கள்" என்றாளாம். அச்சொல் அவரைச் சுட்டுவிட்டது.

முதலில் அவர் செய்தது, வீட்டுக்கு வந்ததும் தொலைபேசியை முற்றாக அணைத்துவிடுவது. அது நான்கு நாளும் நிலைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாயாருக்கு ஏதும் நேர்ந்தால் எப்படி அறிவது? மேலதிகாரி உண்மையிலேயே அவசரமாகத் தேடினால் என்ன செய்வது? இவ்வாறு எண்ணி அரைமணிக்கொருதரம் அதை உயிர்ப்பித்துப் பார்த்தார். அணைப்பதற்கு முன்பு இருந்ததைவிட அமைதி குறைந்ததே கண்ட பலன்.

இங்கே இரண்டு வேறு கயிறுகள் அவரை இழுத்தன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, முடியாத வேலையின் நினைவு. மற்றது, அவசரச் செய்தி தவறிவிடுமோ என்ற அச்சம். இரண்டையும் தனித்தனியே அவிழ்க்க வேண்டும்.

முதலாவதற்கு அமெரிக்க உளவியலாளரான மசிக்காம்போ, பௌமைஸ்டர் என்போர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வழிகாட்டுகின்றது. நிறைவேறாத காரியம் வேறு வேலைக்கிடையே மனத்திற் புகுந்து தொல்லை தருவதை அவர்கள் கண்டனர். அக்காரியத்தை எப்போது, எப்படிச் செய்வதென்று திட்டமாகக் குறித்துக்கொண்டவர்களுக்கோ, காரியம் முடியாதிருக்கவும் அத்தொல்லை நீங்கியது. ஆகவே நண்பர் கந்தோரை விட்டுப் புறப்படுமுன் பத்து நிமிடத்தை ஒதுக்கிக்கொண்டார். "அறிக்கையைப் பார்க்க வேண்டும்" என்று பொதுவாக எழுதுவதில்லை. "காலை 8.30க்கு வங்கிக் கூற்றை எடுத்து, 12ஆம் திகதிப் பற்றுச்சீட்டுடன் ஒப்பிட வேண்டும்" என்று எழுதுகின்றார். செய்ய வேண்டிய முதற்படியும் நேரமும் அதில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது கயிற்றை அவிழ்க்க மேலதிகாரியிடமே பேசினார். "இரவு ஏழு மணிக்குப் பின் குழுவைப் பார்க்கமாட்டேன், காலைவரை பொறுக்க முடியாத விடயமாயின் தொலைபேசியில் அழையுங்கள், நான் எடுக்காவிடின் உடனே மறுமுறையும் அழையுங்கள்" என்றார். அதிகாரியும் இசைந்தார். பின்னர் குழுவை ஒலியடக்கி, ஆவணப் பகுதிக்குள் ஒதுக்கினார். தொலைபேசியின் 'தொந்தரவு செய்யாதே' ஏற்பாட்டை இரவு ஏழு முதற் காலை ஆறுவரை தானாக இயங்கவைத்து, தாயாரின் இலக்கத்துக்கு மட்டும் விலக்களித்தார். அவ்வேற்பாட்டில் மீண்டும் அழைப்பவருக்கு வழிவிடும் தெரிவும் உண்டு. அதனை இயக்கிவைத்தால், ஒரே இலக்கத்தின் இரண்டாம் அழைப்பு, ஐபோனில் 3 நிமிடத்துக்குள்ளும் அண்ட்ரொயிட்டில் 15 நிமிடத்துக்குள்ளும் வரின், மணி ஒலிக்கும்.

இதிலே வழுக்கும் இடம் ஒன்றுண்டு. ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் குழுவில் "சரி" என்று ஒரு சொல் எழுதினாலும் போதும். ஒன்பது மணிக்கும் இவர் கிடைப்பார் என்று அனைவரும் கற்றுக்கொள்வர். இரவில் எண்ணம் தோன்றும் அதிகாரியும் அதை எழுதி வைத்து, காலையில் அனுப்புதல் நன்று.

வைத்தியர், மின்சாரப் பழுது பார்ப்போர் முதலியோருக்கு இவ்வழி முழுவதும் பொருந்தாது. அவர்களுக்கு முறைவைத்துக் கடமை பகிர்வதே தக்கது. இசையாத அதிகாரிகளும் உளர். அத்தகையோரை எண்ணியே அவுஸ்திரேலியா, வேலைநேரத்தின் பின் வரும் தொடர்பை, மறுப்பு நியாயமற்றதாயிருந்தாலன்றி, ஊழியர் மறுக்கும் உரிமையை 2024 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமோ நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலைநேரத்தை வரையறுத்தது 1954இல். கந்தோர் சட்டைப்பைக்குள் வருமென்று அன்று எவர் கண்டார்?

நண்பரின் ஏற்பாடு தொடங்கி மூன்று மாதமாகின்றது. அதற்குள் இரவில் இரண்டாம் அழைப்பு ஒலித்தது ஒரேயொரு தடவைதான். மகளும் இப்போது கேள்வியை ஒருமுறைதான் கேட்கின்றாள்.