உங்களுக்குத் தெரியுமா? இருபதே நாளில் மாறிய அடிப்படை நெறி

★ வழிப்பறிக்காரனும் பணம் கேட்கிறான், வரி அதிகாரியும் பணம் கேட்கிறார். கொடுக்காவிட்டால் இருவருமே சும்மா விடுவதில்லை. பிறகு எதை வைத்து ஒன்றைக் குற்றம் என்றும் மற்றதைச் சட்டம் என்றும் சொல்கிறோம்? பிராகில் பிறந்து வியன்னாவில் வளர்ந்த சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சன் (1881–1973) தந்த விடை இது: அதிகாரிக்கு அந்த அதிகாரத்தை ஒரு சட்டம் தந்திருக்கிறது, அந்தச் சட்டத்தை இயற்றும் அதிகாரத்தை அரசமைப்பு தந்திருக்கிறது. கீழுள்ள ஒவ்வொரு நெறியும் மேலுள்ள நெறியிடமிருந்து செல்லுபடியைப் பெறுகிறது. இந்தப் படிநிலைக் கருத்தை முதலில் வகுத்தவர் அவருடைய மாணவர் அடால்ஃப் மெர்க்கல்.

★ சரி, முதல் அரசமைப்புக்கு அதிகாரம் தந்தது எது? அதற்கு மேல் எழுதப்பட்ட சட்டம் ஏதும் இல்லை. ‘மக்கள் கீழ்ப்படிகிறார்கள்’ என்ற நடைமுறை உண்மையைக் காரணமாகக் காட்டவும் கெல்சன் ஒப்பவில்லை. ஒன்று நடக்கிறது என்பதிலிருந்து, அது நடக்க வேண்டும் என்ற முடிவு பிறக்காது. ஆகவே ‘முதல் அரசமைப்பின்படி நடக்க வேண்டும்’ என்று நாம் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறோம் என்றார். இதுதான் அடிப்படை நெறி. எந்தச் சட்டமன்றமும் இதை இயற்றவில்லை. சட்டத்தைச் சட்டமாகப் பார்ப்பவரின் சிந்தனையில் இது இருக்கிறது.

★ 1934இல் வந்த அவருடைய நூலின் பெயர் ‘தூய சட்டக் கோட்பாடு’. சட்டம் தூய்மையானது என்று இதற்குப் பொருள் இல்லை. அறமும் அரசியலும் கலக்காமல் சட்டத்தை விவரிக்கும் கோட்பாடுதான் தூயது. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நாடே அனுபவித்தது.

★ பலூசிஸ்தானின் லோராலாய் பகுதியைச் சேர்ந்த தோசோ என்பவர்மீது கொலைக் குற்றச்சாட்டு. வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகாமல், ஆங்கிலேயர் காலத்து 1901ஆம் ஆண்டு எல்லைக் குற்ற ஒழுங்குமுறையின்படி, ‘ஜிர்கா’ எனும் மூத்தோர் அவை அவரைக் குற்றவாளி என்றது. பாகிஸ்தானின் 1956ஆம் ஆண்டு அரசமைப்போ, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று உறுதி தந்திருந்தது. படிநிலையில் மேலே இருப்பது அரசமைப்பு. அதனோடு முரண்படும் கீழ்நெறி நிற்காது. லாகூர் உயர் நீதிமன்றம் அப்படியே தீர்ப்பளித்தது. அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

★ அந்த மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது, 1958 அக்டோபர் 7 அன்று, அதிபர் இஸ்கந்தர் மிர்சா அரசமைப்பையே ரத்து செய்து ராணுவச் சட்டத்தை அறிவித்தார். மூன்று நாள் கழித்து வந்த ஆணை பழைய சட்டங்களைத் தொடரவிட்டது, அடிப்படை உரிமைகளை மட்டும் தொடரவிடவில்லை. அக்டோபர் 27 அன்று தலைமை நீதிபதி முகம்மது முனீர் கெல்சனை மேற்கோள் காட்டினார்: வெற்றி பெற்ற புரட்சி தானே சட்டத்தைப் பிறப்பிக்கும், பழைய அடிப்படை நெறி போய்விட்டது. மேலே இருந்த படி சரிந்ததும், தோசோ பற்றிக்கொண்டிருந்த உரிமையும் சேர்ந்து சரிந்தது. எந்த அதிபரின் ஆட்சி நிலைபெற்றுவிட்டது என்று நீதிமன்றம் சொன்னதோ, அந்த மிர்சாவைத் தளபதி அயூப் கான் அன்றிரவே வெளியேற்றிவிட்டார்.

★ பிழை எங்கே? சட்ட ஒழுங்கு பெருமளவில் நடைமுறையில் இருப்பது அதன் செல்லுபடிக்கு ஒரு நிபந்தனை என்றுதான் கெல்சன் சொன்னார், காரணம் என்று சொல்லவில்லை. விளக்கு எரிய எண்ணெய் வேண்டும். அதற்காக எண்ணெயே சுடர் ஆகிவிடாது. மேலும், புரட்சி நடந்து முடிந்த ஒரு நாட்டின் சட்டத்தை வெளியிலிருந்து ஆராய்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதைத்தான் அவர் விவரித்தார். பதவியில் இருக்கும் நீதிபதி யாரை ஏற்க வேண்டும் என்று அதில் கட்டளை இல்லை. முனீர் அந்த விவரிப்பை விதியாக்கினார். அதுவும் இருபதே நாளில்! ஓர் ஆட்சி நிலைபெற்றதா என்று அறிய அந்த அவகாசம் எப்படிப் போதும்?

★ 1971 டிசம்பரில் ராணுவச் சட்ட விதியின்கீழ் காவலில் வைக்கப்பட்ட தந்தைக்காக நீதிமன்றம் போனார் 19 வயது அஸ்மா ஜிலானி. பின்னாளில் மனித உரிமை வழக்கறிஞராகப் பெயர்பெற்ற அஸ்மா ஜஹாங்கீர் இவர்தான். லாகூர் உயர் நீதிமன்றம் தோசோ தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுக் கைவிரித்தது. 1972 ஏப்ரலில், தலைமை நீதிபதி ஹமூதூர் ரகுமான் அமர்வு தோசோ தீர்ப்பையே தூக்கியெறிந்தது: கெல்சன் சொன்னது ஒரு கோட்பாடு, நீதிமன்றம் பின்பற்ற வேண்டிய சட்டவிதி அன்று, ராணுவச் சட்டத்தை அறிவித்திருந்த யாஹ்யா கான் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டவர். அந்தத் தீர்ப்பு வந்தபோது யாஹ்யா பதவி இழந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

★ 1977இல் ராணுவத் தளபதி ஜியா உல் ஹக் ஆட்சியைப் பிடித்தார். பதவி இழந்த பிரதமரின் மனைவி நுஸ்ரத் பூட்டோ தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறை கெல்சனை நாடவில்லை. ‘அரசின் அவசியம்’ என்ற வேறொரு கோட்பாட்டை எடுத்து ஜியாவின் ஆட்சியை ஏற்றுக்கொண்டது.