செயல்படாக் கணக்கை முடிக்க ஒரு விண்ணப்பம்

முட்டுக்காட்டைச் சேர்ந்த பெண் ஒருவர் செங்கல்பட்டில் பணியாற்றியபோது அங்குள்ள வங்கிக் கிளையில் சேமிப்புக் கணக்குத் தொடங்கினார். பின்னர் ஊர் திரும்பியவர், அருகிலுள்ள கோவளத்தில் வேறொரு வங்கியில் கணக்கு வைத்துக்கொண்டார். பழைய கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பதிவு 14.06.2021, இருப்பு 8,460 ரூபாய். 2025ஆம் ஆண்டில் அப்பணத்தைக் கோவளம் கணக்கிற்கு மாற்றிவிட்டுப் பழைய கணக்கை முடிக்க விரும்புகிறார். அவர் விண்ணப்பத்தை எவ்வாறு எழுத வேண்டும்?

முதலில் கணக்கின் நிலையை அறிதல் வேண்டும். வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு எதுவும் செய்யாவிடில், அதனை வங்கி ‘செயல்படாக் கணக்கு’ என வகைப்படுத்தும். வங்கி தானாக வரவு வைக்கும் வட்டியும் பிடித்துக்கொள்ளும் கட்டணமும் வாடிக்கையாளரின் செயலாகக் கருதப்படா. பிறர் பணத்தை யாரும் ஏமாற்றி எடுத்துவிடாதிருக்கவே இக்கணக்குகள் தனியே கண்காணிக்கப்படுகின்றன. ஆகவே, ‘கணக்கை முடித்துத் தருக’ என்று மட்டும் எழுதினால் பணி நடவாது. உரியவர் இவரே என்பது அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றால் மீண்டும் உறுதிசெய்யப்பட வேண்டும். இதனையே வங்கிகளில் கே.ஒய்.சி. என்பர்.

எனவே, விண்ணப்பத்தில் மூன்று வேண்டுகோள்கள் வரிசையாக அமைய வேண்டும்: கணக்கைச் செயல்படுத்துதல், இருப்பை மாற்றுதல், கணக்கை முடித்தல்.

மாதிரி விண்ணப்பம்

அனுப்புநர்
அ அ அ,
முட்டுக்காடு,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
ஆ ஆ ஆ வங்கி,
செங்கல்பட்டு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: செயல்படாச் சேமிப்புக் கணக்கை முடித்து, இருப்பை வேறு கணக்கிற்கு மாற்ற வேண்டுதல் – சார்பு.

வணக்கம். தங்கள் கிளையில் என் பெயரில் ……… என்னும் எண்ணுள்ள சேமிப்புக் கணக்கு உள்ளது. நான் ஊர் மாறியதால் 14.06.2021க்குப் பின் அதில் வரவு செலவு செய்யவில்லை. இணைத்துள்ள சான்றுகளின்படி என் விவரங்களைப் புதுப்பித்துக் கணக்கைச் செயல்படுத்தவும், இந்நாள்வரையுள்ள வட்டியுடன் மொத்த இருப்பையும் கீழ்க்காணும் என் கணக்கிற்கு மாற்றவும், அதன்பின் பழைய கணக்கை முடிக்கவும் வேண்டுகிறேன்.

கணக்கு உரிமையாளர் பெயர்: அ அ அ
வங்கி, கிளை: இ இ இ வங்கி, கோவளம்
கணக்கு எண்: ………
ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு: ………

இணைப்பு: கணக்குப் புத்தகம், அடையாளச் சான்று நகல், முகவரிச் சான்று நகல், கோவளம் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்க நகல், பயன்படுத்தாத காசோலைகள், ஏ.டி.எம். அட்டை.

இடம்: முட்டுக்காடு
நாள்: 10.03.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இவ்விண்ணப்பத்தில் ‘வட்டியுடன் மொத்த இருப்பையும்’ என்னும் தொடரை உற்றுநோக்குக. கணக்குச் செயல்படாதிருந்தாலும் சேமிப்பிற்கான வட்டி தொடர்ந்து சேரும். ஆண்டு வட்டி 3 விழுக்காடு எனக் கொண்டால், 8,460 ரூபாய்க்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 250 ரூபாய் கூடியிருக்கும். ‘8,460 ரூபாயை மாற்றுக’ என எழுதினால் வட்டித்தொகை எஞ்சி நிற்கும். இருப்புத் தொகை இருக்கும்வரை கணக்கை முடிக்க இயலாது.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குக் கையொப்பமும் காரணமாகலாம். கணக்குத் தொடங்கியபோது இட்ட கையொப்பமும் இப்போதைய கையொப்பமும் வேறுபட்டால், நேரில் சென்று புதிய மாதிரிக் கையொப்பத்தைப் பதிவுசெய்ய வேண்டும். இரு கணக்குகளிலும் பெயரின் முன்னெழுத்து மாறியிருந்தாலும் வங்கி விளக்கம் கேட்கக்கூடும்.

இந்திய ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, இக்கணக்கைச் செயல்படுத்தக் கட்டணம் இல்லை. முழுமையான விண்ணப்பம் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் வங்கி அதன்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். அந்நாளைக் கணக்கிட, விண்ணப்ப நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்வது நன்று. கோவளம் கணக்கில் தொகை வரவான பின், பழைய கணக்குப் புத்தகத்தில் ‘கணக்கு முடிக்கப்பட்டது’ என்னும் பதிவையும் கேட்டுப் பெற வேண்டும்.

பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் இருப்பு, ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அப்போதும் உரிமை அழிவதில்லை; உரியவர் தம் வங்கி வழியாகவே அதனைக் கோரிப் பெறலாம். அதற்கும் முதற்படி இத்தகைய விண்ணப்பமே.